வகுப்புத் தோழிகளை அளந்தேன்; ஒருத்தி சாப்பாட்டை நிறுத்திவிட்டாள்

வாசகி கடிதம்

டாக்டருக்கு வணக்கம். நான் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். மாவட்ட அறிவியல் கண்காட்சிக்காக என் வகுப்பில் 38 பேரின் உயரத்தையும் எடையையும் அளந்து, கிலோவில் எடையை மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து பி.எம்.ஐ. கணக்கிட்டேன். 18.5-க்குக் கீழே குறை எடை, 25-க்கு மேல் அதிக எடை என்று இணையத்தில் பார்த்ததை வைத்துப் பிரித்தேன். 13 பேர் குறை எடை என்று வந்தது. பெரிய எண்ணிலிருந்து சிறிய எண் வரை பெயரோடு சார்ட்டில் எழுதி வகுப்பில் ஒட்டினேன்.

முதல் இரண்டு இடங்களில் வந்த இருவருக்கும் 152 செ.மீ., 53 கிலோ, அதாவது 22.9. ஒருத்தி கபடி அணியில் ஆடுகிறாள். இன்னொருத்தி என் நெருங்கிய தோழி. விளையாட்டுப் பக்கமே போகமாட்டாள். இருவரையும் பக்கத்தில் நிறுத்தினால் ஒரே எண் என்று யாரும் நம்பமாட்டார்கள். தையல் டேப்பால் வயிற்றுச் சுற்றளவு எடுத்தேன். கபடி ஆடுபவளுக்கு 66 செ.மீ., தோழிக்கு 79. “கபடி ஆடுபவளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடு, குழப்பம் இருக்காது” என்று டீச்சர் சொல்கிறார். தோழியை எல்லோரும் “முதல் ரேங்க்” என்று கேலி செய்கிறார்கள். ஒரு வாரமாக அவள் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதே இல்லை.

பி.எம்.ஐ. என்பதே பொய்யா? நான் கண்காட்சியிலிருந்து விலகிவிட வேண்டுமா? பெயர்களை எடுத்துவிட்டுப் பட்டியலை இணைத்திருக்கிறேன்.

— பெயர் வேண்டாம்

குழந்தைநல மருத்துவரின் பதில்

அன்புள்ள மாணவிக்கு,

விலக வேண்டாம். பி.எம்.ஐ. பொய்யும் அல்ல. ஆனால் கண்காட்சியைப் பற்றிப் பேசுவதற்கு முன் உன் தோழியைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

சார்ட் இன்னும் சுவரில் இருந்தால் இன்றே எடுத்துவிடு. அவளிடம் மன்னிப்புக் கேள். அப்போது எண்ணைப் பற்றி எதுவும் பேசாதே. “நீ குண்டு இல்லை”, “உன் எண் சரியாகத்தான் இருக்கிறது” என்று சமாதானம் சொல்வதும் வேண்டாம். எதைச் சொன்னாலும் பேச்சு மறுபடி அவள் உடலுக்கே போய்ச் சேரும். “உன் பெயரை நான் ஒட்டியிருக்கக் கூடாது” என்பது போதும். மதியம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடு.

அவள் சாப்பிடாமல் இருப்பதை வகுப்பு ஆசிரியையிடமோ அவள் அம்மாவிடமோ சொல்லிவிடு. கோள் சொல்வதாக நினைக்காதே. பதினான்கு வயதில் எலும்பு கெட்டிப்பட்டுக்கொண்டிருக்கும். மாதவிடாய் இன்னும் சீராகிக்கொண்டிருக்கும். இரும்புச்சத்துத் தேவையும் கூடியிருக்கும். இந்த வயதில் கேலிக்குப் பயந்து ஒரு வேளைச் சாப்பாட்டை விடுகிற பெண்களில் சிலருக்கு அது பழக்கமாகி, பிறகு நோயாகவே மாறிவிடுகிறது. தலைசுற்றல், மாதவிடாய் நின்றுபோவது, சாப்பிட்டதும் குளியலறைக்குப் போய் வாந்தி எடுப்பது, ஒரு நாளில் பலமுறை எடை பார்ப்பது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் பெரியவர்கள் அவளை உடனே மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். அதைக் கவனித்துச் சொல்வதோடு உன் பொறுப்பு முடிகிறது. அவளைத் திருத்துவது உன் வேலை அல்ல.

இனி உன் பட்டியலுக்கு வருகிறேன்.

18.5 என்ற கோடு உங்களுக்கானது அல்ல

நீ இணையத்தில் எடுத்த 18.5, 25 என்ற எல்லைகள் வளர்ச்சி முடிந்த பெரியவர்களுக்கு உரியவை. குழந்தைகளின் பி.எம்.ஐ. வயதோடு மாறிக்கொண்டே இருக்கும். ஐந்தாறு வயதில் 15-ஐ ஒட்டியிருக்கும் அது, பிறகு வருடத்துக்கு வருடம் ஏறும். அதனால் ஐந்து முதல் பத்தொன்பது வயது வரையிலானவர்களின் எண்ணை அதே வயது, அதே பாலினத்தவரின் அட்டவணையோடுதான் ஒப்பிட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட அட்டவணையில் பதினான்கு வயது நிறைந்த பெண்ணுக்கு நடு எண் 19.6. அதாவது பாதிப் பேர் அதற்கு மேல், பாதிப் பேர் கீழ். மெலிவு என்று கருதப்படுவது 15.4-க்குக் கீழே போனால்தான். அதிக எடை 22.7-க்கு மேல் தொடங்குகிறது.

நீ போட்ட 18.5 கோடு அந்த நடு எண்ணுக்குச் சற்றுக் கீழேதான் நிற்கிறது. அந்தக் கோட்டைப் போட்டால், அட்டவணைப்படி ஒரு குறையும் இல்லாத பதினான்கு வயதுப் பெண்களிலேயே ஏறத்தாழ மூன்றில் ஒருத்தி அதற்குக் கீழே விழுவாள். உன் வகுப்பில் 38 பேரில் 13 பேர் விழுந்ததும் அப்படித்தான். அவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றுமில்லை.

ஆனால் பட்டியலை 15.4 என்ற கோட்டோடு மறுபடி பார்த்தபோது, அந்த 13 பேரில் மூன்று பேர் அதற்குக் கீழே நிற்கிறார்கள். இருவர் கோட்டுக்கு மிக அருகில். மூன்றாமவளுக்கு 150 செ.மீ. உயரம், 32 கிலோ, 14.2. அந்த 13 பேர் கூட்டத்துக்குள் இவள் யார் கண்ணிலும் படவில்லை. நீ கூட உன் கடிதத்தில் இவளைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. தவறான கோடு நலமாக இருப்பவர்களைப் பயமுறுத்துவதோடு நிற்பதில்லை, உண்மையில் கவனிக்கப்பட வேண்டியவளை மறைத்தும்விடுகிறது. இவளைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் சரிசெய்துகொள். உன் வகுப்பில் எல்லோருக்கும் சரியாகப் பதினான்கு இருக்காது. ஒவ்வொருவரின் பிறந்த தேதியையும் வாங்கி, வயதை மாதக் கணக்கில் எழுதி, அந்த வரியில் பார். இந்தியக் குழந்தைநல மருத்துவர் சங்கம் 2015-இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடமும் இருக்கிறது. எங்கள் மேசையில் பெரும்பாலும் அதுதான் இருக்கும். அதில் அதிக எடைக்கான கோடுகள் பெரியவர்களின் 23, 27 என்ற எண்களுக்குச் சமமாக வரையப்பட்டவை. 25, 30 அல்ல. ஒரே உடல், இரண்டு வரைபடம், இரண்டு கோடு. உன் சார்ட்டில் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டலாம்.

ஒரே எண், இரண்டு உடல்

கபடி ஆடும் பெண்ணை நீக்கச் சொன்ன டீச்சருக்கு நல்ல எண்ணம்தான், பார்ப்பவர்கள் குழம்பக் கூடாது என்று நினைத்திருப்பார். ஆனால் நீக்கக் கூடாது. அளவெடுத்ததில் பிழை என்று நிரூபிக்க முடிந்தால்தான் ஒரு பதிவை எடுக்கலாம், அப்போதும் எடுத்த காரணத்தை எழுதிவைக்க வேண்டும். அவளை மறுபடி அளந்து பார். அதே 152, அதே 53 வந்தால் அவள் பட்டியலில் இருக்க வேண்டியவள். உன் ஆய்வின் மிக மதிப்புள்ள பதிவே அதுதான். டீச்சரிடம் இதைப் பணிவாகச் சொல், இந்தப் பதிலையும் காட்டு.

எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் கணக்குக்கு அந்த எடை எதனால் ஆனது என்று தெரியாது. தசை, கொழுப்பு, எலும்பு, நீர் எல்லாம் அதற்குக் கிலோ மட்டுமே. ஓடியாடி வளர்ந்த தொடைத் தசையும் வயிற்றைச் சுற்றிச் சேர்ந்த கொழுப்பும் ஒரே எண்ணாக வந்து நிற்கும்.

இதை மருத்துவர்களே தங்கள் உடலை வைத்துக் காட்டியிருக்கிறார்கள். பூனாவைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின் இருவரும் நீரிழிவு ஆய்வாளர்கள். 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் இருவரும் அருகருகே நிற்கும் படத்தோடு ஒரு சிறு குறிப்பு வெளிவந்தது. இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். பார்க்க மெலிந்தவராக இருந்தாலும் உள்ளே கொழுப்பு அதிகமாக இருப்பது நம் நாட்டவரிடம் பரவலாகக் காணப்படுகிறது. இந்தியர்களுக்கு எல்லைகளைக் கீழே இறக்கியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நீ உன் வகுப்பறையில் ஒரு தையல் டேப்பை வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்த இடமும் இதுதான்.

வயிற்றுச் சுற்றளவை நீ சும்மா விட்டுவிடாதே. அதை உயரத்தோடு ஒப்பிட்டால் பயன் உண்டு. சுற்றளவு உயரத்தில் பாதிக்குக் குறைவாக இருப்பது நல்லது என்பது எளிய விதி. 152-இல் பாதி 76. கபடி ஆடுபவளின் 66 அதற்குள் அடங்குகிறது. உன் தோழியின் 79 சற்றுத் தாண்டுகிறது. இதனால் அவளுக்கு நோய் என்று ஆகாது. ஆறு மாதம் கழித்து ஒரு மருத்துவர் மறுபடி பார்த்தால் நல்லது என்பதற்கு மேல் இதில் எதுவும் இல்லை. சாப்பாட்டை நிறுத்துவதற்கு இதில் எந்தக் காரணமும் இல்லை. உயரம் இன்னும் சற்றுக் கூடக்கூடிய வயது அவளுக்கு. மாலையில் அரை மணி நேரம் உன்னோடு இறகுப்பந்து ஆடினால் அதுவே அவளுக்குப் பொருத்தமான மருந்து.

கணக்கைக் கண்டவரே சொன்ன எல்லை

உன் பட்டியலில் நீ கவனிக்காத இன்னொன்று இருக்கிறது. உயரமான பத்துப் பேரின் சராசரி பி.எம்.ஐ. 20.4 வருகிறது, குட்டையான பத்துப் பேருக்கு 18.1. உயரத்தின் பாதிப்பை நீக்குவதற்காகத்தானே உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கிறோம்? பிறகு ஏன் உயரமானவர்களுக்குக் கூடுகிறது?

ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள். உயரம் 140 செ.மீ., எடை 35 கிலோ. பி.எம்.ஐ. 17.9. அவள் உருவம் சிறிதும் மாறாமல் எல்லாப் பக்கமும் பத்து சதவீதம் பெரியவளாக ஆகிறாள் என்று வைத்துக்கொள். உயரம் 154 ஆகிவிடும். எடை நீளம், அகலம், பருமன் மூன்றையும் பொறுத்தது, ஆகவே 1.1-ஐ மூன்று முறை பெருக்க வேண்டும். 35 கிலோ 46.6 ஆகும். இப்போது பி.எம்.ஐ. 19.6. கொழுப்பின் பங்கு கூடவில்லை, உருவம் மாறவில்லை, எண் மட்டும் பத்து சதவீதம் ஏறிவிட்டது.

பெரியவர்களிடம் இந்தச் சிக்கல் அதிகம் தெரிவதில்லை. உயரமான மனிதர் குட்டையான மனிதரின் பெரிய நகல் அல்ல. உயரத்தோடு ஒப்பிட்டால் குறுகலானவர். அதனால் வர்க்கம் ஓரளவு பொருந்துகிறது. பருவமடையும் வயதில் அது பொருந்துவதில்லை. உயரத்தை எத்தனையாவது அடுக்குக்கு உயர்த்தி வகுத்தால் எண் உயரத்தைச் சாராமல் நிற்கும் என்று கணக்கிட்டால், அந்த வயதில் விடை இரண்டைத் தாண்டி மூன்றை நெருங்குகிறது. இதோடு, சீக்கிரம் பருவமடைந்த பெண்ணுக்கு உடலில் இயல்பாகவே கொழுப்பு சற்றுக் கூடும். அது வளர்ச்சியின் பகுதி, நோய் அல்ல. ஒரே பெஞ்சில், ஒரே வயதில், பருவமடைந்து மூன்று வருடமானவளும் அண்மையில் பருவமடைந்தவளும் உட்கார்ந்திருக்கிறார்கள். பி.எம்.ஐ. அட்டவணை வயதைக் கேட்கிறது, இதைக் கேட்பதில்லை.

இந்தக் கணக்கைக் கண்டவர் அடோல்ப் கெட்லே என்ற பெல்ஜியக்காரர். மருத்துவர் அல்ல, வானியலாளர், புள்ளியியலாளர். ஒரு தனி மனிதர் குண்டா ஒல்லியா என்று சொல்வது அவர் நோக்கமே அல்ல. மனிதக் கூட்டத்தின் சராசரி எப்படி இருக்கிறது என்று தேடினார். வளர்ந்த மனிதர்களில் எடை உயரத்தின் வர்க்கத்தை ஒட்டிக் கூடுகிறது என்று 1830-களில் எழுதினார். வளரும் வயதில் அப்படி இல்லை என்பதையும் அவரே எழுதினார். அங்கே எடையின் வர்க்கம் உயரத்தின் ஐந்தாம் அடுக்கை ஒட்டிப் போகிறது என்றார். அதாவது அடுக்கு இரண்டு அல்ல, இரண்டரை. அந்த இரண்டாவது வாக்கியம் பிறகு பலருக்கும் மறந்துபோயிற்று. பி.எம்.ஐ. என்ற பெயரை 1972-இல் கொடுத்தவர் அமெரிக்க உடலியலாளர் ஆன்சல் கீஸ். அவர் குழு பரிசோதித்தது ஐந்து நாடுகளைச் சேர்ந்த 7,000-க்கும் மேற்பட்ட ஆண்களை. பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி கூட அதில் இல்லை.

கண்காட்சியில் இந்தப் பகுதியை எடுத்துச் சொல். உன் பட்டியலில் எடையை உயரத்தின் மூன்றாம் அடுக்காலும் வகுத்துப் பார். உயரமானவர்களுக்கும் குட்டையானவர்களுக்கும் இடையே வேறுபாடு எவ்வளவு குறைகிறது என்று இரண்டு வரைபடங்களை அருகருகே வை. 38 பேர் சிறிய கூட்டம்தான். அதை வைத்து உலகத்துக்கு விதி சொல்ல முடியாது, அதையும் சார்ட்டில் எழுது.

டேப்பும் தராசும்

உன் அளவுகள் எவ்வளவு நம்பத்தக்கவை என்று நடுவர்கள் கேட்பார்கள். தோழியின் 22.9-ஐயே எடுத்துக்கொள். அவள் உண்மையான உயரம் 153.5 என்றால் எண் 22.5 ஆகிவிடும். சீருடையின் எடையாக அரைக் கிலோவைக் கழித்தால் 22.7. அட்டவணைக் கோடும் 22.7-தான். ஒன்றரை சென்டிமீட்டர் அவளைக் கோட்டின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மாற்றிவிடுகிறது. இப்படிப்பட்ட எண்ணை வைத்து யாருக்கும் ரேங்க் போட முடியாது.

சுவரில் டேப் ஒட்டும்போது தரையோரம் பதித்திருக்கும் ஓட்டு விளிம்புக்கு மேலிருந்து தொடங்கினாயா என்று பார். அப்படி ஒட்டியிருந்தால் எல்லோருடைய உயரமும் குறைவாகவும் பி.எம்.ஐ. அதிகமாகவும் வந்திருக்கும். விளிம்பு இல்லாத சுவராகத் தேடு. செருப்பு, பூ, உச்சிக்கொண்டை, தலைப்பட்டை எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொல். குதிகால், பின்புறம், தோள்பட்டை சுவரைத் தொட வேண்டும். பார்வை நேராக இருக்க வேண்டும். தலைமேல் வைக்கும் அட்டை சாயாமல் இருக்க ஒரு தடித்த புத்தகத்தின் மூலையைச் சுவரோடு பொருத்திக்கொள். இரண்டு முறை அள. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது முறையும் அளந்து பார். தராசைச் சோதிக்கத் தண்ணீர் போதும். காலிக் குடத்தை எடைபோட்டு, பத்து லிட்டர் அளந்து ஊற்றி மறுபடி எடைபோடு. பத்து கிலோ கூட வேண்டும். கூடாவிட்டால் எவ்வளவு தவறு என்று குறித்துக்கொள். எல்லோரையும் ஒரே வேளையில், சாப்பாட்டுக்கு முன் அளப்பது நல்லது.

அனுமதியும் பெயர்களும்

ஒருவரின் உடல் அளவு அவருக்குச் சொந்தமானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிகள், பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரை உள்ளவர்களை ஆய்வில் சேர்க்கப் பெற்றோரின் ஒப்புதலோடு அந்தப் பிள்ளையின் எழுத்துபூர்வமான சம்மதமும் வேண்டும் என்கின்றன. பள்ளிக் கண்காட்சிக்கு அத்தனை படிவங்கள் தேவையில்லை என்று நினைக்கத் தோன்றும். ஆனால் உன் வகுப்பில் நடந்ததைப் பார்த்த பிறகு அவை எதற்கு என்று உனக்குப் புரிந்திருக்கும். ஒரு பக்கத்தில் என்ன அளப்பாய், எதற்கு, யார் பார்ப்பார்கள் என்று எழுதி, பெற்றோரும் மாணவியும் கையெழுத்திட இடம் விடு. “வேண்டாம் என்று எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம்” என்ற வரியைக் கட்டாயம் சேர். சொல்பவளின் அளவைக் கேள்வி கேட்காமல் நீக்கிவிடு. வயிற்றுச் சுற்றளவைத் தனி அறையில், ஆசிரியை முன்னிலையில் மட்டும் எடு.

இப்போது கையில் இருக்கும் 38 பேரின் பதிவுக்கும் இதே விதிதான். படிவம் திரும்ப வந்தவர்களின் எண்களை மட்டும் பயன்படுத்து. பெயருக்குப் பதில் குறியீடு கொடு. எது யாருடையது என்ற தாள் டீச்சரின் பீரோவில் இருக்கட்டும். வரிசைப்படுத்திய பட்டியலாக வைக்காதே, புள்ளிகளாக வரைபடத்தில் வை. கபடி ஆடுபவளும் உன் தோழியும் அதில் வெறும் இரண்டு புள்ளிகளாக இருந்தாலும் வகுப்பில் எல்லோருக்கும் அவர்கள் யார் என்று ஏற்கெனவே தெரியும். அதனால் அந்த ஒப்பீட்டைக் காட்டலாமா என்று இருவரிடமும் தனித்தனியாகக் கேள். ஒருத்தி மறுத்தாலும் விட்டுவிடு. யாஜ்னிக், யுட்கின் எண்கள் உலகத்துக்குத் தெரிந்தவை, அவை உன் சார்ட்டுக்குப் போதும்.

14.2 வந்த பெண்

பி.எம்.ஐ. ஒரு சல்லடை. சலித்தபின் நிற்பதைக் கையில் எடுத்துப் பார்க்க ஆள் வேண்டும். 14.2 வந்த பெண்ணிடம் நீ நேரடியாகப் பேசாதே. அவள் குறியீட்டைப் பள்ளித் தலைமையாசிரியரிடம் கொடு. முதலில் அவளை யாராவது ஒழுங்காக மறுபடி அளக்க வேண்டும். 32 என்பது 42 ஆகவும் இருக்கக்கூடும். எண் உறுதியானால், அரசுப் பள்ளிகளுக்கு வரும் தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழுவிடம் அவளைக் காட்டலாம். அவர்கள் வரும் நாள் தள்ளியிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பெற்றோரோடு போகலாம். மருத்துவர் அவளிடம் கேட்கப்போவது இவைதான்: முன்பு எவ்வளவு எடை இருந்தாய், அண்மையில் குறைந்ததா? வீட்டில் மூன்று வேளையும் சாப்பாடு உண்டா? இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ காய்ச்சலோ உண்டா? அதிகத் தாகம், அடிக்கடி சிறுநீர்? மாதவிடாய் வந்துவிட்டதா? கண் இமையின் உட்புறம் வெளிறியிருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். அம்மாவும் அப்பாவும் மெலிந்த உடல்வாகு, அவளும் சிறு வயதிலிருந்தே அதே கோட்டில் வளர்ந்து வருகிறாள், களைப்பு இல்லை என்றால் ஒன்றும் செய்யத் தேவையிருக்காது. ரத்தசோகை, குடற்புழு, காசநோய், நீரிழிவு, வீட்டில் சோற்றுக்கே தட்டுப்பாடு ஆகியவற்றில் ஒன்று இருந்தால் சீக்கிரம் தெரிவது மிக நல்லது. சோற்றுக்குத் தட்டுப்பாடு என்றால் மதியச் சத்துணவுப் பட்டியலில் அவள் பெயர் இருக்கிறதா என்று தலைமையாசிரியரால் அன்றே பார்த்துவிட முடியும்.

திங்கட்கிழமை காலை அவரிடம் போகும்போது டீச்சரையும் அழைத்துக்கொண்டு போ.